கல்லாவில் கிடக்கும் பிறர் பணம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சிறு வியாபாரி. சரக்கு முழுவதையும் 30 நாள் கெடுவில் வாங்குகிறேன். விற்பனையில் பத்தில் ஒன்பது பங்கு ரொக்கம். வியாபாரம் லாபத்தில்தான் இருக்கிறது என்று கணக்கர் சொல்கிறார். சென்ற ஆண்டு கல்லாவில் எப்போதும் பணம் இருந்தது. அதிலிருந்து கடைக்குப் புதிய அலமாரிகள் போட்டேன். இப்போது விற்பனை கொஞ்சம் மந்தம். அதற்குள் கெடு நாளில் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. நட்டமில்லாத வியாபாரத்தில் பணம் எங்கே போகிறது? கடன் வாங்கிச் சமாளிக்கலாமா? பத்து நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்கிறார் ஒருவர். அதை ஏற்கலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் அலமாரிகளுக்குப் பணம் கொடுத்தவர் மொத்த வியாபாரி. அது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விற்பனை குறைந்ததும் தெரிந்துவிட்டது.

கணக்காகப் பார்த்தால்தான் இது விளங்கும். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு கடையின் நாள் விற்பனையை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சரக்கின் கொள்முதல் விலை 80. வாடகை, சம்பளம் முதலிய செலவு நாளுக்கு 12. மிச்சம் 8 லாபம், மாதத்திற்கு 240. வந்த சரக்கு சராசரியாக 24 நாளில் விற்கிறது என்றால், கடைக்குள் எப்போதும் 1,920-க்குச் சரக்கு இருக்கும். விற்பனையில் பத்தில் ஒரு பங்கு கடனாகப் போய் 20 நாளில் திரும்புகிறது என்றால், வெளியே நிற்கும் பாக்கி 200. மொத்த வியாபாரிக்கு 30 நாள் கெடு. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் அவருக்குத் தரவேண்டியது 2,400.

அந்த 2,400-இல் 2,120 சரக்காகவும் பாக்கியாகவும் நிற்கிறது. மீதி 280 ரொக்கமாகக் கல்லாவில் கிடக்கிறது. முதலாளி கையிலிருந்து ஒரு காசும் போடாவிட்டாலும், வரும் லாபத்தை எல்லாம் அன்றன்றே வீட்டுக்கு எடுத்துக்கொண்டாலும் இந்த 280 அங்கே இருக்கும். ஒரு மாத லாபத்தைவிடப் பெரிய தொகை அது. விற்பனை 150 ஆக உயர்ந்தால் அதுவும் 420 ஆக உயரும். வளரும் கடையில் கல்லா நிறைந்துகொண்டே போவதற்கு லாபம் மட்டும் காரணமல்ல. கணக்கர்கள் இதை எதிர்மறை நடைமுறை மூலதனம் என்பார்கள். பெரிய சில்லறை நிறுவனங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பணம் விற்பனையோடு சேர்ந்து வருவது, விற்பனை குறைந்தால் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போகும் விதம்தான் உங்களைத் திணற வைத்திருக்கிறது.

அதே கடையில் விற்பனை 70-க்கு இறங்குகிறது. நான்கு நாள் மந்தத்தைப் பார்த்து யாரும் கொள்முதலைக் குறைப்பதில்லை. பதினைந்து நாள் பழைய அளவிலேயே, நாளுக்கு 80 வீதம், சரக்கு வருகிறது என்று வைப்போம். அந்த 15 நாளில் ரொக்க விற்பனை 945, பழைய பாக்கி வசூல் 150, வரவு 1,095. மொத்த வியாபாரிக்குக் கொடுத்தது 1,200, கடைச் செலவு 180, போனது 1,380. துண்டு விழுவது 285. கல்லாவில் இருந்த 280 துடைத்தெடுத்ததுபோல் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு காசும் எடுக்காமல் இந்த நிலை. அதே நாட்களில் லாப நட்டக் கணக்கு 30 லாபம் காட்டும். உங்கள் கணக்கர் சொல்வது பொய்யில்லை.

காரணம் எளிது. இன்று கல்லாவுக்கு வருவது மந்தமான விற்பனையின் பணம். இன்று நீங்கள் கொடுப்பதோ 30 நாளுக்கு முன், நல்ல விற்பனைக் காலத்தில் வாங்கிய சரக்கின் பணம்.

இதிலிருந்து வருவதுதான் பலர் கவனிக்காத விஷயம். பதினாறாம் நாள் விழித்துக்கொண்டு கொள்முதலை அடியோடு நிறுத்தினாலும், அடுத்த 30 நாளுக்குக் கொடுக்கவேண்டிய தொகையில் ஒரு காசும் குறையாது. அவை ஏற்கெனவே போட்ட பில்கள். அதனால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போய், நாற்பத்தைந்தாம் நாளில் 650 பற்றாக்குறையில் வந்து நிற்கும். முதலாளி அந்த 280-ஐ முன்பே அலமாரியாக மாற்றியிருந்தால் 930. கிட்டத்தட்ட நான்கு மாத லாபம்.

பிறகு மேலே ஏறும். புதிய விற்பனைக்கு ஏற்ற சரக்கு 1,344 போதும். ஆனால் பதினைந்தாம் நாளில் கடையில் இருப்பது 2,280. அந்த மிகை தீர, சுமார் 17 நாள் கொள்முதல் இல்லாமல் விற்க வேண்டும். (நடைமுறையில் முழு நிறுத்தம் முடியாது, வேகமாக விற்பதை வாங்கித்தான் ஆகவேண்டும். அதனால் நாட்கள் கொஞ்சம் நீளும்.) அந்த 17 நாளுக்கு ஈடான பில்கள், 30 நாள் கழித்து, வராமலே போகும். அப்போது நாளுக்கு 58 மிஞ்சும். 930 பள்ளம் சுமார் 16 நாளில் தூர்ந்துவிடும்.

இனிக் கடன் பற்றி. மேலே சொன்னது போன்ற பள்ளத்துக்குக் கடன் வாங்கலாம். அதன் ஆழமும், எந்த நாளில் அடைபடும் என்பதும் கணக்கில் தெரிகின்றன. கொள்முதலைக் குறைக்காமல் வாங்கும் கடன் மட்டும் வேண்டாம். அது மிகைச் சரக்குக்கு வட்டி கட்டும் வேலை.

உங்கள் பள்ளம் எந்த வகை என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ரொக்கத்தையும் கொள்முதல் விலையில் சரக்கையும் வரக்கூடிய பாக்கியையும் கூட்டுங்கள். அதிலிருந்து கொடுக்கவேண்டியதைக் கழியுங்கள். வருவது கடையில் உங்களுக்கென்று உள்ள தொகை. ரொக்கம் குறைந்தும் அந்தத் தொகை அப்படியே நின்றால், பணம் சரக்காகவோ பாக்கியாகவோ உறைந்திருக்கிறது; கொள்முதலைக் குறைத்தால் அது திரும்பும், இடைக்காலக் கடனும் அடையும். அந்தத் தொகையே வாரவாரம் இறங்கினால், விலையில் மார்ஜின் போதவில்லை, அல்லது லாபத்தைவிட அதிகமாக வீட்டுக்கோ அலமாரிக்கோ போகிறது. கடனால் அதைச் சரிசெய்ய முடியாது. சரக்கை எண்ணும்போது விற்காது என்று உங்களுக்கே தெரிந்ததை விலை போட்டு எழுதாதீர்கள். இந்தக் கணக்கில் பொய் நுழையும் வாசல் அதுதான்.

அலமாரி போன்றவற்றுக்குச் சேர்ந்த லாபம் இருக்கவேண்டும், அல்லது பல ஆண்டுத் தவணையில் அடைக்கும் தனிக்கடன். அலமாரி பல ஆண்டு நிற்கும். கெடு 30 நாளில் வந்துவிடும். இதைத் தடுக்க ஒரு சிறிய ஏற்பாடு போதும். நாள் முடிவில், விற்ற சரக்கின் கொள்முதல் விலையை, நம் கணக்கில் 100-க்கு 80-ஐ, வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதிலிருந்து மொத்த வியாபாரிக்கு மட்டுமே பணம் போகவேண்டும். பத்தில் ஒரு பங்கு கடனாகப் போவதால் சில நாள் கல்லா இடிக்கும். இடிக்கட்டும், கடனுக்கு விற்பதன் விலை அப்போதுதான் கண்ணில் படும்.

24 நாள் என்ற சராசரியை நான் இதுவரை நம்பியதுபோல் எழுதிவிட்டேன். எந்தக் கடையிலும் எல்லாச் சரக்கும் 24 நாளில் விற்பதில்லை. சில 8 நாளில் போகும், சில 90 நாள் கிடக்கும். 90 நாள் கிடப்பதன் பில்லும் முப்பதாம் நாளில் வந்துவிடும். அதை அடைப்பது 8 நாளில் விற்றதன் பணம். மொத்தக் கணக்கில் இது தெரியாது. பில் வாரியாகப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பில்லின் கெடு நாளிலும், அந்தப் பில்லில் வந்த சரக்கில் எவ்வளவு இன்னும் கடையில் இருக்கிறது என்று பில்லின் பின்புறத்திலேயே எழுதுங்கள். மிஞ்சிய சரக்கின் விலைதான் அந்தச் சரக்குக்கு நீங்கள் கைமுதல் போடவேண்டிய அளவு. இரண்டு மாதம் எழுதினாலே எந்தச் சரக்கு தன் பில்லைத் தானே அடைக்கிறது, எது பிறர் தோளில் ஏறி வருகிறது என்று புலப்படும்.

தள்ளுபடிக்கு வருகிறேன். 20 நாள் முன்னதாகக் கொடுப்பதற்கு 2 சதவீதம் என்பது ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 37 சதவீதம். கவர்ச்சியானதுதான். ஆனால் எல்லாக் கொள்முதலையும் 10 நாளுக்கு மாற்றினால் கொடுக்கவேண்டிய பாக்கி 2,400-இலிருந்து 800-க்கு இறங்கும். அதாவது 1,600 ரொக்கம் ஒருமுறை உங்கள் கையிலிருந்து வரவேண்டும். மாதத்திற்கு மிச்சமாவது 48. பள்ளத்தில் நிற்கும்போது இது ஆகாது.

8 நாளில் விற்கும் சரக்குக்கு மட்டும் ஏற்றால் என்ன என்று தோன்றும். பத்தாம் நாளில் அதன் பணம் கையில் வந்திருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பணம்தான் இப்போது 90 நாள் சரக்கின் பில்லைச் சுமக்கிறது. அதை எடுத்து முன்கூட்டியே கொடுத்துவிட்டால் மறுபக்கம் திறந்துகொள்ளும். ஆகவே மெதுவாக விற்பதைக் குறைத்த பிறகே அந்தப் பேச்சு. இப்போதைக்கு அந்த மொத்த வியாபாரியிடம் வேறொன்று கேட்டுப் பாருங்கள்: மெதுவாக விற்கும் வகைகளுக்கு மட்டும் கெடுவை 45 நாளாக்க முடியுமா, விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று. கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே, கொடுக்கக்கூடிய தொகையையும் மீதி எந்த நாளில் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.