29 வருட சர்வீஸை எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 54. அம்பத்தூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் 29 வருடம் இருந்து, குவாலிட்டி மேனேஜராக வெளியே வந்திருக்கிறேன். யூனிட்டை மூடிவிட்டார்கள். எத்தனையோ இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியும் பதில் இல்லை. "பார்த்தாலே பழைய ஆள் என்று தெரிகிறது, பாதி வருஷத்தை எடுத்துவிடலாம்" என்று ஒரு கன்சல்டன்ட் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?
– வாசகர், கொரட்டூர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட.

நிஜமான கன்சல்டன்சிக்குப் பணம் தருவது ஆள் எடுக்கும் கம்பெனி. நீங்கள் சேர்ந்த பிறகு உங்கள் வருடச் சம்பளத்தில் ஒரு பங்கை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பல இடங்களில் அது 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். வேலை தேடுகிறவரிடம் முன்பணம் கேட்பவரின் வியாபாரமே வேறு. இரண்டு வருடம் முன்பு உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்தார். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ரெஸ்யூமே கையில் இருந்தது. இடது பக்கம் நீல நிறப் பட்டை, அதில் அவருடைய போட்டோ, ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து நட்சத்திரத்தில் நாலு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். பக்கம் பக்கமாக இரண்டு பத்தியாக அமைத்த ரெஸ்யூமேயை அது பல நேரம் குறுக்கே வாசித்துக் குழப்பிவிடும். நட்சத்திரத்துக்கு அதனிடம் அர்த்தமே இல்லை.

அதைவிட மோசம், அவர் சேர்ந்த வருடத்தையே மாற்றியிருந்தார்கள். 1995 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2008. உங்கள் கன்சல்டன்ட் சொல்கிற "பாதி வருஷத்தை எடுத்துடலாம்" இதுவாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பி.எஃப். யூஏஎன் கணக்கில் நீங்கள் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள் என்று சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கிறது. ஆஃபர் கொடுக்கும் முன்போ, சேர்ந்த முதல் மாதத்திலோ சரிபார்ப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். தேதி இடித்தால் ஆஃபர் போய்விடும். என்னிடம் வந்தவருக்கு அப்படித்தான் போனது.

சுருக்குவது வேறு, மாற்றுவது வேறு. ஒரே கம்பெனியில் 29 வருடம் என்றால் சேர்ந்த வருடமும் விலகிய வருடமும் உள்ளது உள்ளபடி நிற்கட்டும். அதற்குள் கடைசி 12 வருடத்தை விரிவாக எழுதுங்கள். முந்தையதை "இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து அசிஸ்டன்ட் மேனேஜர் வரை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண விவரம், பாஸ்போர்ட் எண், கடைசியில் "மேலே சொன்னவை உண்மை" என்ற உறுதிமொழி, இடம், தேதி எதுவும் ரெஸ்யூமேயில் வேண்டாம். பழைய ஆள் என்று முதலில் காட்டிக்கொடுப்பதே இந்த உறுதிமொழிதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ரெஸ்யூமே உங்கள் விளம்பரம், அதில் எதைச் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் இன்டர்வியூ அன்று கம்பெனி ஒரு அப்ளிகேஷன் ஃபாரம் நீட்டும், அல்லது ஆன்லைனில் நிரப்பச் சொல்லும். அது நீங்கள் கையெழுத்துப் போடும் ஆவணம். அதில் பிறந்த தேதி கேட்டால் பிறந்த தேதி, டிப்ளமோ முடித்த வருடம் கேட்டால் அந்த வருடம், எல்லாமே முழுசாக இருக்க வேண்டும். "ரெஸ்யூமேயில் போடவில்லையே, இங்கேயும் விட்டுவிடலாம்" என்று காலியாக விட்டால் மறைக்கிறார் என்று நினைப்பார்கள். ஃபாரமும் யூஏஎன்னும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்யாமல் விட்டிருந்தால், யூஏஎன் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், ஆனால் கடைசியாகப் பி.எஃப். கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகுதான். அதை இப்போதே பாருங்கள்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். உங்கள் ரெஸ்யூமேயில் வாகன பாகக் கம்பெனிகளுக்கான தரநிலையான கியூஎஸ் 9000 ஆடிட்டர் பயிற்சி என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். 90களில் இந்தத் துறைக்கு வந்த பலரிடமும் இருக்கும். அந்தத் தரநிலை 2006 டிசம்பரோடு முடிந்துபோனது. அதைச் சான்றிதழ் பட்டியலில் முதலில் போட்டால் பழைய ஆள்தான். நீக்கிவிடுவதா? வேண்டாம். கியூஎஸ் 9000 போய் டிஎஸ் 16949 வந்தது. 2016இல் ஐஏடிஎஃப் 16949 வந்தது, 2018 செப்டம்பருக்குள் எல்லோரும் அதற்கு மாறியாக வேண்டியிருந்தது. இரண்டு முறையும் லைன் நிற்காமல், வாடிக்கையாளரை இழக்காமல் கம்பெனியை மாற்றிக் கொண்டுபோனவர்களில் நீங்கள் ஒருவர் என்றால், அதை ஒரே வரியாக எழுதுங்கள், கடைசி மாற்றத்தை முன்னால் வைத்து. பத்து வருட அனுபவக்காரரால் அந்த வரியை எழுத முடியாது.

இன்டர்வியூவில் உங்களைச் சோதிக்கப்போவது எஃப்எம்இஏ, அதாவது எந்தக் கோளாறு வரலாம், வந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே அலசும் முறை. முன்பு பாதிப்பு, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் திறன் மூன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கி ஆர்பிஎன் என்ற ஆபத்து எண்ணை எடுப்போம். பல இடங்களில் 100 தாண்டினால்தான் நடவடிக்கை. பிரேக் பிடிக்காமல் போகும் கோளாறு 9 × 2 × 5 = 90. பெயின்ட் கீறல் 3 × 6 × 5, அதுவும் 90. உயிர் போகிற விஷயமும் கீறலும் ஒரே எண். 2019இல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து கொண்டுவந்த ஏஐஏஜி–விடிஏ கையேடு அந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, பாதிப்பை முதலில் பார்த்து உயர், நடு, குறை என்று முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. "ஆர்பிஎன் 100 வந்தால் பார்ப்போம்" என்று மட்டும் நீங்கள் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். உங்கள் வாடிக்கையாளர் கடைசி வரை பழைய முறையையே கேட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த 90க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிரேக் பாகத்தையே வைத்து விளக்குங்கள்.

"வாடிக்கையாளர் புகார்களுக்குப் பொறுப்பு" என்ற வரியையும் மாற்றுங்கள். எந்தப் பாகம், என்ன புகார், பத்து லட்சம் பாகத்தில் எத்தனை பழுது என்று சொல்லும் பிபிஎம் எத்தனையிலிருந்து எத்தனைக்கு இறங்கியது, எத்தனை மாதத்தில். மூன்று புகார் போதும். எண் நினைவில் இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

நேரில் பேசும்போது ஒன்று. கேள்வி கேட்பவருக்கு 34 வயதிருக்கலாம். "தம்பி" என்றோ "ஏம்மா" என்றோ வாய் தவறிக்கூட வரக்கூடாது. சார், மேடம், அல்லது அந்தக் கம்பெனியில் எல்லோரும் பெயர் சொல்லி அழைத்தால் பெயர். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை "2018இல் இதைச் செய்தபோது" என்று ஆரம்பியுங்கள்.

இவ்வளவும் செய்தும் சில இடங்களில் கதவு திறக்காது. "10 முதல் 15 வருட அனுபவம்" என்று விளம்பரத்திலேயே போட்டு, 16ஆவது வருடக்காரரைக் கம்ப்யூட்டரே கழித்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து யோசித்துப் போட்ட எண் இல்லை அது, போன விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. அந்த வரிசையில் நிற்காதீர்கள். உங்கள் பழைய வாடிக்கையாளர் கம்பெனிகளில் சப்ளையர் குவாலிட்டி பிரிவில் உங்களை அறிந்தவர்கள் இருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் புதிதாக லைன் போடும் சின்ன சப்ளையர்களுக்கு முதல் ஆடிட்டைத் தாண்டவைக்க ஆள் தேவைப்படுவது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். நாளைக் காலை பழைய போன் புத்தகத்தை எடுத்து, உங்கள் பாகத்தை ஒருமுறையாவது ரிஜெக்ட் செய்த ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். நீங்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பார்த்தவர்கள் அவர்கள்.