ஸ்பீக்கர் கண்ணாடியில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமா?

கேள்வி: தினமும் நடந்தும் பேருந்திலும்தான் வேலைக்குப் போகிறேன். வழியில் அலுவலக அழைப்புகள் வரும். புது இடங்களுக்கு மேப் சொல்வதைக் கேட்டு நடப்பேன். இயர்பட்ஸ் போட்டால் பின்னால் வரும் வண்டிச் சத்தம் காதில் விழுவதில்லை. ஸ்பீக்கர் வைத்த ஸ்மார்ட் கண்ணாடி வாங்கலாமா? எதிர்முனையில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடுமா?

பதில்: வழி கேட்டு நடப்பதற்குத் தாராளமாக வாங்கலாம். ரகசியமான அழைப்புகளை மட்டும் அதில் எடுக்காதீர்கள். தெருவில் பெரும்பாலும் யாருக்கும் கேட்காது, லிஃப்டில் கேட்டுவிடும்.

கண்ணாடிக் காம்பில், காதுக்குச் சற்று முன்னால் ஸ்பீக்கர் இருக்கும். நல்ல மாடல்களில் ஸ்பீக்கரின் முன்பக்க ஒலி காதை நோக்கிய துளை வழியாகவும், பின்பக்க ஒலி வேறொரு துளை வழியாகவும் வெளியே வரும். இரண்டும் நேர்மாறான அலைகள். காது முதல் துளையை ஒட்டி இருப்பதால் உங்களுக்குக் கேட்கும். தள்ளிப் போனதும் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். ஆனால் இந்த உத்தி தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாகப் பலிக்கிறது. கீச்சென்ற ஒலிகளின் பக்கம் போகப் போகக் கசிவு கூடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளில் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே வெளியே கசியும் குரல் மெலிந்து, தகரம்போல ஒலித்தாலும் என்ன பேசுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

எவ்வளவு கசியும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 3 செ.மீ. தள்ளி இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர் 60 செ.மீ. தள்ளி. தூரம் இருபது மடங்கு என்பதால், அழிப்பு உத்தி உதவாத ஒலிகூட திறந்த வெளியில் சுமார் 26 டெசிபல் குறைந்துதான் அவரை எட்டும். 70 டெசிபல் இரைச்சல் உள்ள சாலையில் உங்கள் காதுக்கு 75 வரும்படி ஒலியைக் கூட்டியிருக்கிறீர்கள் என்றால் அவருக்கு 49 போகும். அது இரைச்சலில் மூழ்கிவிடும். அதே அழைப்போடு 40 டெசிபல் அமைதியுள்ள லிஃப்டுக்குள் நுழைகிறீர்கள். ஒலியைக் குறைக்க மறந்துவிடுகிறீர்கள். இப்போது அந்த 49 தெளிவாகக் கேட்கும். சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இன்னும் கொஞ்சம் கூடவே கேட்கும்.

வாங்கும் முன் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். கண்ணாடியை நண்பருக்கு மாட்டி, அமைதியான அறையில் ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். யாராவது பேசிய பதிவை ஓடவிடுங்கள். பாட்டு வேண்டாம். அவருக்கு வசதியான அளவில் ஒலி இருக்கும்போது உங்களுக்குச் சொற்கள் பிடிபடுகின்றனவா என்று பாருங்கள். காம்பு காதிலிருந்து விலகி நின்றால் நீங்கள் ஒலியைக் கூட்டத்தான் செய்வீர்கள், கசிவும் கூடும். அதனால் முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

காதுக்குள் இறுக அமரும் இயர்பட்ஸில் இந்தக் கசிவு அநேகமாக இல்லை. நீங்கள் பேசுவது என்னவோ இரண்டிலும் ஊருக்கே கேட்கும்! ஓடிபி, கணக்கு எண், வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றை வாய்விட்டுச் சொல்லாமல் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள்.

நடக்கும்போது நிலைமை தலைகீழ். இறுக்கமான இயர்பட்ஸ் காதை அடைத்துக்கொள்வதால் உங்கள் காலடிச் சத்தமே தலைக்குள் தொம் தொம் என்று கேட்கும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருந்தாலும், அது மைக் வழியாக வருவதால் காற்றடித்தால் இரையும். வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதும் சில சமயம் குழம்பும். கண்ணாடியில் காது திறந்தே இருக்கிறது. அதில் வரும் தொல்லை வேறு. நீண்ட மௌனத்துக்குப் பின் மேப் பேசும்போது, ப்ளூடூத் ஒலி விழித்துக்கொள்வதற்குள் முதல் சொல் விழுங்கப்படலாம். "இடதுபுறம் திரும்பவும்" என்பதில் "திரும்பவும்" மட்டும் கேட்டால் என்ன செய்வது? பின்னணியில் ஏதாவது ஒன்றை மெல்லிய ஒலியில் ஓடவிட்டால் இணைப்பு தூங்காது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

கண்ணாடியில் கேமராவும் இருந்தால், அது அணைந்திருந்தாலும் எதிரே இருப்பவர் அதைப் பார்த்துச் சங்கடப்படுவார். அழைப்புக்கும் வழிக்கும் மட்டும்தான் என்றால் கேமரா இல்லாத மாடலே போதும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இயர்பட்ஸைத் தூக்கிப் போடமாட்டேன். தெருவில் கண்ணாடி, பேருந்தில் ஏறியதும், முக்கியமான அழைப்பு என்றால் காதில் ஒரு பட். மாற்றிய பிறகு ஒலி எதில் வருகிறது என்பதை அழைப்புத் திரையில் ஒருமுறை பாருங்கள். கழற்றியதும் தானாக அணையாத கண்ணாடி என்றால், பைக்குள் இருந்தபடியே உங்கள் மேலாளரின் குரலை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்.