சுற்றுலா நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால்: நுகர்வோர் வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி (மதுரை): மூன்று பேர் ஐரோப்பா செல்ல ரூ.4,80,000 கட்டினோம். புறப்பட 11 நாள் இருக்கையில், ஆள் சேரவில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் வேறு பயணம் போகலாம் என்று வவுச்சர் தருகிறார்கள். பணமாகவே கேட்கலாமா, ஐயா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆள் சேராதது அவர்களது வணிகச் சிக்கலே தவிர, உங்கள் தவறன்று. வவுச்சரை ஏற்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஆனால் 'ஏற்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டால், பிறகு அதையே நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துக் காட்டுவார்கள். எனவே வவுச்சர் வேண்டாம், முழுத் தொகையும் வேண்டும் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வேறு காலக்கெடு ரசீதில் இல்லையென்றால் முப்பது நாளுக்குள் பணத்தைத் திருப்ப மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சொல்கிறது.

இத்துடன், இந்தப் பயணத்துக்காக நீங்கள் தனியாகச் செலவழித்தவற்றை, அதாவது விசாக் கட்டணம், காப்பீடு, சென்னை வரை செல்ல எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததில் பிடித்த தொகை ஆகியவற்றை, ரசீதுகளோடு தனித்தனியாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்கான தொகையை மட்டும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரே மாதிரி வழக்குகளிலும் ஆணையத்துக்கு ஆணையம் அது மாறுகிறது. வெளிநாட்டுப் பயணத் தொகையோடு சேர்த்து வசூலிக்கும் டிசிஎஸ் வரியைப் பிடித்திருந்தால், நிறுவனம் அதை வருமான வரித் துறையில் ஏற்கெனவே செலுத்தியிருக்கக்கூடும். அப்போது அந்தப் பகுதியை உங்கள் வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி (கோவை): இயற்கைச் சீற்றம், தாக்குதல் என்று வந்துவிட்டால் நிறுவனம் ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை என்றுதானே சட்டம்? கையெழுத்திட்ட தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.

பதில்: பாதி சரி. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை அரசே மூடியதுபோன்ற நிலையில், பயணத்தை நடத்தாததைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி இழப்பீடு கேட்பது கடினம். ஆனால் இழப்பீடு வேறு, கட்டிய பணம் வேறு. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால், அதன்கீழ் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளில் வாங்குபவர் கையெழுத்திட்டிருந்தாலும் அவை அவரைக் கட்டாது என்று 2019இல் ஓர் அடுக்குமாடி வீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; சுற்றுலா வழக்குகளிலும் அதை எடுத்து வைக்கலாம்.

கேள்வி (சென்னை): நான் சிறிய பயண முகவர். விடுதிக்கும் விமானத்துக்கும் நாங்கள் முன்பணம் கட்டிவிடுகிறோம், அது திரும்பி வருவதில்லை. அதையும் எங்கள் தலையில் கட்டுவது நியாயமா?

பதில்: உங்கள் முடிவால் ரத்தானால் அந்த இழப்பு உங்களுடையதுதான். யார் தவறும் இல்லாதபோதுதான் கேள்வி எழுகிறது. அங்கே ஆணையங்கள் ஒரே மாதிரி தீர்ப்பதில்லை. விடுதிக்குப் பணம் அனுப்பிய வங்கிச் சான்றும், திருப்ப முடியாது என்று விடுதி எழுதிய பதிலும் இருந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது ஆணையத்தில் நிற்க வாய்ப்புண்டு. 'ரத்துக் கட்டணம் 40 விழுக்காடு' என்று வெறுமனே எழுதி அனுப்பினால் நிற்பது கடினம்.

கேள்வி (தஞ்சாவூர்): எனக்கும் இதே கதைதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் சிங்கப்பூர் பயணத்தை ரத்து செய்தேன். பாதிதான் தந்தார்கள். மீதிக்கு வழக்குப் போடலாமா?

பதில்: உங்களுடையது வேறு விஷயம், அம்மா. ரத்து செய்தது நீங்கள் என்பதால், பதிவின்போது அவர்கள் தெரிவித்த ரத்துக் கட்டண அட்டவணைதான் பேசும். அந்த அட்டவணையை உங்களிடம் காட்டவே இல்லை என்றாலோ, அதைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தாலோ வழக்குக்கு இடமுண்டு. அதற்கு முன், பயணக் காப்பீடு எடுத்திருந்தீர்களா என்று பாருங்கள். அம்மாவின் மருத்துவமனைச் சான்றை அங்கே பயன்படுத்துவதே விரைவான வழி.

கேள்வி (மதுரை, மீண்டும்): அவர்கள் அலுவலகம் டெல்லியில். 'டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. ரசீதின் பின்பக்க வரி அந்த உரிமையைப் பறிக்காது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள்; அந்த அளவிலேயே பணம் திரும்பிய வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். பலிக்காவிட்டால், பதினைந்து நாள் கெடு வைத்துப் விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு மனுத் தாக்கல் செய்யுங்கள். ரத்து செய்தியைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தால், அனுப்பிய எண்ணும் தேதியும் தெரியுமாறு படமெடுத்து வையுங்கள். இரண்டாண்டு வரை அவகாசம் உண்டென்றாலும், ரசீதும் செய்தியும் கைவசம் இருக்கும்போதே போவது நல்லது.