ரேம் நிறைந்ததும் லேப்டாப் உறைந்துபோகிறது, டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது. இதுதான் த்ராஷிங்கா? சிஸ்டம் இதை எப்படிக் கண்டுபிடிக்கும், எப்படிக் குறைக்கும்? ஸ்வாப்பை எடுத்துவிட்டால் சரியாகுமா?

ஆம், பெரும்பாலும் அதுவேதான். ரேம் போதாமல், ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தரவை மாற்றி மாற்றி நகர்த்துவதிலேயே நேரமெல்லாம் போவதுதான் த்ராஷிங். ரேமில் இடமில்லாததை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம் ஸ்வாப். நானும் இதில் மாட்டி ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். என் கணினியில் நடந்ததை வைத்தே சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

8 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், அதில் லினக்ஸ். பெரிய சி++ நிரல் ஒன்றைக் கம்பைல் செய்துகொண்டிருந்தேன். `make -j4` கொடுத்தால் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். கோர் எட்டு இருக்கிறதே, நேரம் பாதியாகும் என்று நம்பி ஒருநாள் `make -j8` கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்தும் பாதி வேலை முடியவில்லை. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்பு நகர அரை நிமிடம் ஆனது.

கணக்கைப் பிறகுதான் போட்டேன். கம்பைலர் ப்ராசஸ் ஒவ்வொன்றும் உச்சத்தில் ஏறக்குறைய 1.1 ஜிபியை ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்புக்கும் பிரவுசருக்கும் 1.5 ஜிபி. நான்கு ப்ராசஸ் என்றால் மொத்தம் 5.9 ஜிபி, தாராளமாக அடங்கும். எட்டு என்றால் 10.3 ஜிபி. அதாவது பற்றாக்குறை இரண்டு ஜிபிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கால்பங்கு குறைந்தால் வேகமும் கால்பங்குதானே குறைய வேண்டும், ஏன் அடியோடு நின்றது என்பதுதான் என்னைக் குடைந்த கேள்வி.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, டிஸ்க்குக்கும் ரேமுக்கும் உள்ள தூரம். ரேமில் ஒரு இடத்தைத் தொட 100 நானோவினாடி என்று வையுங்கள். மெமரியைச் சிஸ்டம் பக்கம் எனப்படும் சிறு துண்டுகளாகத்தான் கையாளும். ரேமில் இல்லாத ஒரு பக்கத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கொண்டுவர 10 மில்லிவினாடி, அதாவது லட்சம் மடங்கு. ஆகவே லட்சம் முறை தொடும்போது ஒரே ஒரு முறை பக்கம் இல்லாமல் போனாலே நிரலின் வேகம் பாதியாகிவிடும். எஸ்எஸ்டி இருந்தால் இந்தத் தூரம் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகச் சுருங்கும். அப்போதும் சிறியதல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஒரு நிரல் 1, 2, 3, 4, 5 என்று ஐந்து பக்கங்களையே திரும்பத் திரும்பத் தொடுகிறது, ரேமில் நான்கு பக்கத்துக்குத்தான் இடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 5 வரும்போது யாரையாவது வெளியேற்ற வேண்டும். தொட்டு அதிக நேரமானதை வெளியேற்றுவது வழக்கம், எனவே 1 போகிறது. ஆனால் அடுத்துத் தேவைப்படுவதே 1தான். அதைக் கொண்டுவர 2ஐ வெளியேற்றுகிறது, அடுத்துத் தேவை 2. இப்படி ஒவ்வொரு தொடலும் தவறுகிறது. ஓர் இடம் கூடுதலாக இருந்திருந்தால் முதல் சுற்றுக்குப் பிறகு ஒரு தவறுகூட நடந்திருக்காது. ஐந்தில் ஒரு பங்கு இடம் குறைந்தது, நூற்றுக்கு நூறு தவறியது. உண்மையான நிரல்கள் இவ்வளவு சீராகச் சுற்றுவதில்லை, ஆனால் அவற்றிலும் சரிவு படிக்கட்டு போல இருக்காது, பாறை விளிம்பு போலத்தான் இருக்கும்.

அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்பதற்குப் பெயர் வைத்தவர் பீட்டர் டென்னிங். 1968இல் வெளியான கட்டுரையில் அவர் வரையறுத்த ஒர்க்கிங் செட் மிக எளிமையானது: ஒரு ப்ராசஸ் ஓடிய நேரத்தில் கடைசி τ அளவுக்குள் தொட்ட பக்கங்களின் தொகுப்பு. τ மிகச் சிறிதாக இருந்தால் தேவையான பக்கங்கள் விட்டுப்போகும். மிகப் பெரிதாக இருந்தால் முடிந்துபோன வேலையின் பக்கங்களும் சேர்ந்துகொள்ளும். எல்லா ப்ராசஸ்களின் ஒர்க்கிங் செட்டையும் கூட்டினால் ரேமுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், எதை வெளியேற்றுவது என்று எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய பயன் இல்லை, ஓடும் ப்ராசஸ்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அந்தக் காலத்துச் சிஸ்டங்கள் இதற்கு நேர்மாறாக நடந்தன. எல்லோரும் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதால் சிபியு சும்மா இருக்கும். அதைப் பார்த்து, வேலை போதவில்லை என்று இன்னொரு நிரலை உள்ளே விடுவார்கள், நெரிசல் இன்னும் கூடும். நீங்கள் பார்த்த சும்மா இருக்கும் சிபியு அதே ஏமாற்று அறிகுறிதான்.

இனி, சிஸ்டம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தொடலையும் எழுதி வைத்து ஒர்க்கிங் செட்டை நேரடியாக அளக்க முடியாது, அந்தக் கணக்கே நிரலைவிட அதிகச் செலவு பிடிக்கும். லினக்ஸ் 2014 முதல் (3.15 கெர்னல்) செய்வது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி. பக்கத்தை வெளியேற்றும்போது அது இருந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பை விட்டுவைக்கிறது: "நீ போனபோது கவுன்ட்டர் இவ்வளவு" என்று. பக்கங்கள் வெளியேற வெளியேற அந்தக் கவுன்ட்டர் கூடிக்கொண்டே போகும். அந்தப் பக்கம் திரும்பி வரும்போது கவுன்ட்டரில் அப்போதுள்ள எண்ணிலிருந்து குறிப்பிலுள்ள எண்ணைக் கழிக்கிறது. வரும் விடைதான் ரீஃபால்ட் தூரம். இன்னும் எத்தனை இடம் இருந்திருந்தால் இந்தப் பக்கம் வெளியே போக வேண்டியிருக்காது என்பதையே அந்த எண் சொல்கிறது.

மேலே சொன்ன ஐந்து பக்க உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். 1 வெளியேறியது, வேறு எதுவும் வெளியேறுவதற்குள் 1 திரும்பத் தேவைப்பட்டது. குறிப்பு எழுதிய பிறகு 1இன் வெளியேற்றத்தையும் கவுன்ட்டர் எண்ணுவதால் தூரம் 1. குறைவதும் ஓர் இடமேதான். தூரம் பெரிதாக இருந்தால், அந்தப் பக்கத்தை எப்படியும் தாங்கியிருக்க முடியாது என்று கெர்னல் விட்டுவிடும். சிறிதாக இருந்தால் அதை ஒர்க்கிங் செட்டைச் சேர்ந்தது என்று அடையாளமிட்டு உடனே பாதுகாப்பான வரிசையில் வைக்கும். அப்படி அடையாளமிட்ட பக்கமே மறுபடி வெளியேறி, மறுபடி உள்ளே வரக் காத்திருக்க வேண்டி வந்தால், அதுதான் த்ராஷிங். முதன்முறையாக ஒரு ஃபைலைப் படிக்கக் காத்திருப்பது இந்தக் கணக்கில் சேராது.

இந்தக் காத்திருப்பை நீங்களே பார்க்கலாம். 4.20 கெர்னலிலிருந்து இந்த வசதி உண்டு:

```
$ cat /proc/pressure/memory
some avg10=71.20 avg60=64.85 avg300=38.41 total=812406113
full avg10=58.93 avg60=51.02 avg300=29.77 total=603318274
```

என் `-j8` நேரத்தில் இதைப் போன்ற எண்கள்தான் வந்தன. `some` என்பது குறைந்தது ஒரு ப்ராசஸாவது மெமரிக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம். `full` என்பது வேலையுள்ள எல்லா ப்ராசஸ்களும் ஒரே சமயத்தில் காத்திருந்த நேரம். கடைசிப் பத்து வினாடியில் 58.93 சதவீதம் யாருமே ஒரு அடிகூட நகரவில்லை என்று பொருள். உங்கள் லேப்டாப் உறையும்போது `full` வரியில் `avg10` சில சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். `vmstat 1` கொடுத்தும் பார்க்கலாம், அதில் `si` ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, `so` ஸ்வாப்புக்குப் போவது. ஆனால் `so` மட்டும் சிறிது நேரம் ஏறினால் பயப்பட வேண்டாம், யாரும் தொடாத பக்கங்கள் ஒருமுறை வெளியே போகின்றன. `si`, `so` இரண்டும் ஏறிய நிலையிலேயே நிற்பதுதான் கெட்ட அறிகுறி.

இவ்வளவு தெரிந்தும், மெமரி தீர்ந்தால் ஒரு ப்ராசஸை முடித்துவைக்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஏன் வந்து காப்பாற்றுவதில்லை என்று நான் பல நாள் குழம்பியிருக்கிறேன். வெளியேற்ற எதுவுமே கிடைக்காதபோதுதான் அது வரும். த்ராஷிங்கில் வெளியேற்ற எப்போதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும், கிடைப்பது அடுத்த நொடியே தேவைப்படும் பக்கம் என்பதுதான் துயரம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் `systemd-oomd` வந்தது. அது மேலே உள்ள `full` எண்ணை ப்ராசஸ் குழுவாரியாகக் கவனித்து, அழுத்தம் வரம்பைத் தாண்டி நீடித்தால் ஒரு குழுவை மொத்தமாக முடித்துவைக்கும். அதன் இயல்பான அமைப்பு 60 சதவீதம், 30 வினாடி. நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸில் இது மாற்றப்பட்டிருக்கலாம். 6.1 கெர்னலில் வந்த புதிய பக்க வரிசை முறை இயக்கப்பட்டிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. `/sys/kernel/mm/lru_gen/min_ttl_ms` என்பதில் 1000 என்று எழுதினால், கடைசி ஒரு வினாடியின் ஒர்க்கிங் செட்டை வெளியேற்ற மாட்டேன், முடியாவிட்டால் ஒரு ப்ராசஸை முடித்துவிடுவேன் என்று கெர்னல் உறுதி தருகிறது. டென்னிங்கின் τவையே நம் கையில் கொடுத்தது போல.

ஆனால் முடித்துவைத்தால் செய்த வேலை போய்விடும். டென்னிங் சொன்னது நிறுத்திவைப்பதை. அதைக் கையாலேயே செய்யலாம்:

```
pids=$(pgrep cc1plus | head -n 4)
kill -STOP $pids
```

நான்கு கம்பைலர்கள் அப்படியே நின்றுவிடும். அவற்றின் பக்கங்களை இனி யாரும் தொடாததால் அவை ஒருமுறை ஸ்வாப்புக்குப் போய் அங்கேயே தங்கும். மற்ற நான்கும் ரேமுக்குள் அடங்கி ஓடத் தொடங்கும். `make` நின்றவற்றையும் எண்ணிக்கையில் சேர்ப்பதால் புதிதாக எட்டைத் தொடங்காது. என் கணினியில் இதைச் செய்த இரண்டு மூன்று நிமிடத்தில் `full` ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, மவுஸும் உயிர்பெற்றது.

ஸ்வாப்பை எடுத்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். நின்றுபோன ப்ராசஸின் சொந்தத் தரவு போக இடமில்லாமல் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது கெர்னல் வெளியேற்றக்கூடியது ஃபைலிலிருந்து மறுபடி படிக்க முடிந்த பக்கங்களை மட்டுமே, அதில் உங்கள் பிரவுசரும் டெஸ்க்டாப்பும் ஓடும் நிரல் வரிகளே அடக்கம். அவை வெளியேறித் திரும்ப வரும்போது நடப்பதும் த்ராஷிங்தான், `si`, `so` மட்டும் பூஜ்யமாக இருக்கும், டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் காட்டும் `bi` எகிறும். ஓஓஎம் கில்லர் சற்று முன்னதாக வரலாம், அதற்குள் உறைவு வந்துவிடும். எனவே ஸ்வாப் இருக்கட்டும், `-j` எண்ணைக் குறையுங்கள்.

நிறுத்தியவற்றை `kill -CONT` கொடுத்துத் தொடங்கும்போது நான்கையும் ஒன்றாகக் கிளப்பிவிடாதீர்கள், நான் அப்படிச் செய்து பழைய இடத்துக்கே திரும்பினேன். `free -h` கொடுத்து, `available` என்ற பத்தியில் ஒரு ப்ராசஸுக்குத் தேவையான அளவு, என் விஷயத்தில் 1.1 ஜிபி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றை விடுங்கள். அதன் பக்கங்கள் எல்லாம் உள்ளே வந்து `full` மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு அடுத்ததை விடுங்கள்.