எழுத்து உடைந்து போன மெயிலுக்குப் பதில் வரவில்லையா? கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டிலும் அடித்துக் கொடுக்கிறேன். உடைந்த எழுத்தோடு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். அதனால் இந்த வாரக் கேள்விகளை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, மூணாறு எஸ்டேட் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியருக்கு 3ஆம் தேதி மெயில் போட்டேன். எங்க தாத்தா எந்த வருஷம் அங்கே படிச்சார்னு கேட்டிருந்தேன். ஒன்பது நாளாச்சு, பதிலே இல்லை. மறுபடி கேட்டா தொந்தரவா நினைப்பாரோ? (வேலந்தாவளம்)

தம்பி, முதலில் அனுப்பிய மெயிலை உங்கள் போனில் திறந்து பாருங்கள். அடித்த கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டாம், அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரியும். போனில் இப்படித் தெரிகிறதா?

```
tzf;fk; Iah
```

இது பாமினி எழுத்துருவில் அடித்த ‘வணக்கம் ஐயா’. கடையில் அடித்த வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் உருவம் போய்விடும், ஆங்கில எழுத்து மட்டும் நிற்கும்.

அப்படியென்றால் அவர் உங்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவில்லை, நீங்கள் கேட்டதே அவரைப் போய்ச் சேரவில்லை. தெரியாத முகவரியிலிருந்து இப்படி ஒன்று வந்தால் நானும் திறந்த உடனே அழித்திருப்பேன். அதனால் தயங்காமல் ஒரு முறை எழுதுங்கள்.

பழைய மெயிலை ஃபார்வர்டு செய்யாதீர்கள், கீழே அந்த உடைந்த எழுத்து வால் போலத் தொங்கும். புதிதாக ஆரம்பியுங்கள். பாமினி வாசகத்தை என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டால், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடாக மாறும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல்லோ மெயில் முகவரியோ இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும், அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். பிறகு வீட்டில் வேறொருவர் போனுக்கு அனுப்பி, அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் ஆசிரியருக்கு அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் ஐயா. 3ஆம் தேதி நான் அனுப்பிய மெயில் எழுத்து உடைந்து வந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். என் தாத்தா உங்கள் பள்ளியில் எந்த ஆண்டு படித்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவர் பெயரும் ஊரும் கீழே இருக்கிறது. ஞாபகம் இல்லாவிட்டாலும், இப்போது முடியாவிட்டாலும் பரவாயில்லை ஐயா.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வயதானவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே சங்கடமாக இருக்கும், அந்த வரி அவரை அதிலிருந்து விடுவிக்கும்.

யூனிகோடுல அடிச்சா எங்கேயும் உடையாதே அக்கா. எல்லாரும் அதுக்கு மாறிட்டா இந்தப் பிரச்சினையே இல்லை. (பாலக்காடு, கல்லூரி மாணவன்)

மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி தம்பி. எஸ்.எம்.எஸ்.ஸில் அப்படியில்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதைத் தாண்டினால் 67, 67ஆக வெட்டி அனுப்பும். ‘கோவிந்தாபுரம்’ நமக்கு ஏழு எழுத்து, போன் அதைப் பதின்மூன்றாக எண்ணும். கொம்பு, புள்ளி, துணைக்கால் எல்லாம் தனிக்கணக்கு. வெட்டிய துண்டுகளில் ஒன்று வராவிட்டால் பாதிச் செய்திதான் நிற்கும், சில சமயம் எதுவுமே தெரியாது.

பழைய பட்டன் போனில் வெறும் கட்டம் கட்டமாக வரும். உடுமலையில் இருக்கும் என் சித்திக்கு ஒரு சடங்குச் செய்தியை மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் அவர் பார்த்தது கட்டங்களைத்தான். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் போனில் தமிழ் எழுத்து இல்லை, அவ்வளவுதான். அந்த மாதிரி இடத்தில் அதையே திரும்ப அனுப்பிப் பயனில்லை, கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும்.

எனக்கு வந்த மெயில்ல வேற மாதிரி இருக்கு. இதை அனுப்பினவங்ககிட்ட மறுபடி கேட்கணுமா?

```
à®¤à®®à®¿à®´à¯
```

வேண்டாம், இது உயிரோடுதான் இருக்கிறது. இது ‘தமிழ்’ என்ற சொல். யூனிகோடை UTF-8 முறையில் அனுப்பும்போது நம் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட், அந்த பைட்டுகளை உங்கள் மெயில் மேற்கத்திய எழுத்தாக நினைத்துக் காட்டியிருக்கிறது. திறக்கும் இடத்தில் UTF-8 என்று மாற்றினால் திரும்ப வரும். வரிசையாக `?????` என்று மட்டும் இருந்தால்தான் எழுத்து நிஜமாகவே போய்விட்டது, யாராலும் மீட்க முடியாது. அப்போது அனுப்பியவரிடம் கேளுங்கள்.

நான் வில்லேஜ் ஆபீஸ்ல தமிழ்ல மனு கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு தடவைக்கு மேல கேட்கக் கூடாதுன்னு சொல்றீங்களா அம்மா? (சித்தூர் தாலுகா, விவசாயி)

ஐயா, நான் சொன்னது மனிதருக்கு மனிதர் எழுதுவதைப் பற்றி. ஆபீசுக்கு அந்தக் கணக்கே கிடையாது. தமிழர் அதிகம் வாழும் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மனு கொடுத்தபோது வாங்கிய ரசீதின் எண்ணைச் சொல்லி, பதில் வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ரசீது வாங்கவில்லையென்றால் நகலோடு போய் மறுபடி கொடுத்து வாங்கிவிடுங்கள்.

என் பெரியப்பா பையனுக்கு வாட்ஸ்அப்ல உடைஞ்ச வாய்ஸ் ஒண்ணு போச்சு, வாளையார் தாண்டும்போது பேசினது. அப்புறம் தெளிவா எழுதியும் அனுப்பிட்டேன். நீல டிக் வந்து மூணு வாரம் ஆச்சு. பழைய நிலத் தகராறு ஒண்ணு இருக்கு.

முதலாவது உடைந்தது, இரண்டாவது தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. நீல டிக் செய்தி திறக்கப்பட்டதைத்தான் சொல்லும், மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லாது. மூன்றாவதாக எழுதினால் அது நிலத்தைப் பற்றியதாகத்தான் அவருக்குப் படும். நான் எழுதமாட்டேன். ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால், பதிலை எதிர்பார்க்காமல் அந்தச் செய்தியை மட்டும் சொல்லிவிடுவேன். இது சரிதானா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. உங்கள் குடும்பம் உங்களுக்குத்தான் தெரியும்.

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அனுப்பினேன். தங்கச்சி போன்ல நல்லாப் படிச்சுது. பன்னிரண்டு நாளாச்சு, பதில் இல்லை. அவர் தெருவிலேயே எங்க மாமா இருக்கார், போய்க் கேட்கச் சொல்லட்டுமா? (மறுபடி வேலந்தாவளம்)

வேண்டாம் தம்பி. இந்த முறை அவர் படிக்கிற மாதிரிதான் போயிருக்கிறது. வாசலில் மாமா வந்து நின்றால், முடியாவிட்டால் பரவாயில்லை என்று நீங்கள் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த மெயில் அவரிடமே இருக்கட்டும். தாத்தா படித்த வருஷம் தெரிய வேறு வழி இருக்கிறது. எந்தப் பள்ளி என்பதுதான் தெரியுமே, தலைமையாசிரியருக்கு எழுதி சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். அந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, அஞ்சலில் அனுப்புங்கள்.