தைராய்டு மாத்திரைக்குக் காலையில் துணை வேண்டாம்

கேள்வி: ஐயா, எனக்கு 52 வயது. தைராய்டு சுரப்பு குறைவுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுகிறேன். இந்த ஆண்டு கால்சியம் கார்பனேட்டும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தன. மறந்துவிடக் கூடாதென்று மூன்றையும் காலை ஆறரைக்கு ரொட்டி சானாய், தே தாரிக்குடன் விழுங்கிவிடுகிறேன். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறியிருந்ததால், டாக்டர் 75 மைக்ரோகிராமை 100 ஆக்கிவிட்டார். எதை எப்போது சாப்பிடுவது?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சகோதரி, உடலில் தைராய்டு ஹார்மோன் போதாதபோது டிஎஸ்எச் ஏறும். உங்களுக்கு அது ஏறியதற்கு உங்கள் காலைத் தட்டே காரணமாக இருக்கலாம். கால்சியமும் இரும்பும் குடலில் லெவோதைராக்சினைப் பற்றிக்கொள்கின்றன. பிடிபட்ட மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடுகிறது. உணவும் தேநீரும் காப்பியும்கூட அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

ஆகவே எழுந்தவுடன், ஐந்தரை மணிக்கே, வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரையை மட்டும் போடுங்கள். பசியாறல் வழக்கம்போல ஆறரைக்கு இருக்கட்டும். கால்சியம், இரும்பு இரண்டுமே இதிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி நிற்க வேண்டும். மல்டிவிட்டமின் வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் இவை இரண்டும் இருக்கும்.

இரும்பு மாத்திரையைப் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். வயிறு காலியாக இருக்கும்போது அது நன்றாக ஏறும். கூடவே நாலு துண்டு கொய்யா சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் சி உதவும். தேநீர் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள். குமட்டினால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். கொஞ்சம் குறைவாக ஏறினாலும், மாத்திரையையே நிறுத்திவிடுவதைவிட அது மேல்.

கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். சாப்பிடும்போதுதான் அது தாராளமாகச் சுரக்கும். எனவே இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பிலிருந்தும் அது விலகியிருக்கும், ஏனென்றால் இரும்பு ஏறுவதைக் கால்சியம் குறைக்கும்.

அதிகாலை சரிப்படாது என்றால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம். அப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 100 மைக்ரோகிராம்தான். மாத்திரை சரியாக ஏறாத நிலையைப் பார்த்து உயர்த்திய அளவு அது. இனி முழுதாக ஏறினால் உங்களுக்கு அதிகமாகிவிடலாம். நேரத்தை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடமோ மருந்தாளரிடமோ மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டு வந்ததைச் சொல்லுங்கள். பழைய 75 போதுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்; நீங்களாகக் குறைக்க வேண்டாம். மறுபரிசோதனை 6 முதல் 8 வாரம் கழித்து இருக்கட்டும், அதற்கு முன் டிஎஸ்எச் நிலைக்கு வராது. இடையில் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அந்தத் தேதிக்குக் காத்திராமல் கிளினிக்கிற்குப் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.