காக்கை ஏன் குயில் முட்டையை வீசி எறிவதில்லை?

கேள்வி (தக்கலை): அண்ணாச்சி, காக்கா அவ்வளவு விவரமான பறவை. பக்கத்துல கிடக்கிற அடுத்தவன் முட்டை எப்படித் தெரியாமப் போகுது?

பதில்: இரண்டு முட்டையும் வெளிர் பச்சை கலந்த நீலம், மேலே பழுப்புத் திட்டு. குயில் முட்டை சிறியது, சுமார் 31 மில்லிமீட்டர் நீளம். காக்கை முட்டை 37 வரை வரும். நமக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் காக்கை இட்ட முட்டைகளே ஒரே கூட்டில் நிறத்திலும் புள்ளியிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சந்தேகப்பட்டு எறியப் போய்ச் சொந்த முட்டையை எறிந்துவிட்டால் நஷ்டம் அதற்குத்தான். அதனால் கூட்டுக்குள் வந்துவிட்ட முட்டையை அது பெரும்பாலும் சோதிப்பதில்லை. காவலெல்லாம் வாசலில்தான். குயிலைக் கண்டால் காக்கைகள் விரட்டுகிற விரட்டைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): வாசல்ல அவ்வளவு காவல் இருந்தா எப்படி உள்ளே போகுது? ஆண் குயில் கூவிக் காக்காவை இழுத்துட்டுப் போகும், அந்த நேரத்துல பெட்டை முட்டை இடும்னு எங்க அப்பா சொல்வாங்க.

பதில்: அப்பா சொன்னது நடப்பதுதான். கன்னங்கரேலென்ற ஆண் கூட்டுப் பக்கம் வந்து கூவும், காக்கைகள் அதன் பின்னால் பறக்கும், புள்ளி போட்ட பெட்டை உள்ளே நுழையும். ஆனால் பல தடவை பெட்டை தனியாகவே வந்து காரியத்தை முடித்துவிடுகிறது. இடுவதற்கு முன் காக்கை முட்டை ஒன்றை அப்புறப்படுத்துவதும் உண்டு.

எனக்கு அதைவிட வியப்பு, அது நாள் பார்க்கும் விதம். காலிக் கூட்டில் குயில் முட்டை இடுவதில்லை. பாகிஸ்தானில் செய்த ஓர் ஆய்வில், காக்கை முதல் முட்டை இட்டுச் சராசரியாக ஒன்றரை நாளுக்குள் குயிலின் முதல் முட்டை வந்திருந்தது. ஏன் இந்த அவசரம் என்று ஒரு கணக்குப் போடுங்கள். திங்கட்கிழமை காக்கை முதல் முட்டை இடுகிறது, புதன்கிழமை காலையில் குயில் இடுகிறது. காக்கை முட்டை பொரிக்கப் பதினாறு பதினேழு நாள் ஆகும். குயிலுக்குப் பதின்மூன்று போதும். இரண்டு நாள் பிந்தி வந்த முட்டை ஒன்றிரண்டு நாள் முந்திப் பொரிகிறது. முதலில் வாய் பிளந்த குஞ்சுக்கு முதல் இரை. ஒரு வாரம் தாமதித்து இட்டிருந்தால் அந்தக் குஞ்சு, கொழுத்த காக்கைக் குஞ்சுகளுக்கு நடுவே இரை கிடைக்காமல் செத்துப்போகும்.

கேள்வி (குலசேகரம்): பொரிச்ச உடனே குயில் குஞ்சு மத்த முட்டையெல்லாம் முதுகால தள்ளிக் கீழே போட்டுடும். வீடியோவுல பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது ஐரோப்பாவிலும் இருக்கிற வேறு குயிலாக இருக்கும். அதன் குஞ்சு தள்ளும். நம் ஊர் அக்காக்குயில் தவிட்டுக்குருவிக் கூட்டில் பொரித்தாலும் அதைச் செய்யும். ஆனால் தோப்பில் கூவுகிற நம் கருங்குயிலின் குஞ்சு பெரும்பாலும் தள்ளுவதில்லை. காக்கைக் கூடு ஆழம், முட்டையும் கனம். தள்ளப் போய்ப் பட்டினி கிடக்கலாம், தானே விழுந்தும் தொலையலாம் என்று விளக்குகிறார்கள். அதனால் காக்கைக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒரே கூட்டில் வளர்வதைப் பார்க்கலாம். காக்கைக்கு இதில் முழு நஷ்டமும் இல்லை. எதிர்ப்பு முட்டையளவில் மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முழு நஷ்டம் வருகிற இடத்தில் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் தேவதைச் சிட்டு என்று ஒரு சின்னப் பறவை. அங்குள்ள ஒரு குயிலின் குஞ்சு அதன் குஞ்சுகளைத் தள்ளிவிட்டுத் தனியாகக் கிடக்கும். சுமார் 40 சதவீதக் கூடுகளில் தாய் அந்தக் குஞ்சைக் கைவிட்டுப் போய்விடுகிறது. மீதிக் கூடுகளில் ஏமாந்து வளர்க்கிறது.

கேள்வி (கருங்கல்): செம்போத்தும் குயில் இனந்தானே சார், அது யார் கூட்டுல இடும்?

பதில்: இனம் சரி. ஆனால் அது சொந்தமாகக் கூடு கட்டிச் சொந்தமாக வளர்க்கும்.

கேள்வி (சுசீந்திரம்): நீங்க சொல்றதெல்லாம் சரி அண்ணாச்சி, எங்க முற்றத்து மாமரத்துக்குக் கீழே கருப்பா ஒரு குஞ்சு கிடக்கு, காக்காவா குயிலான்னு தெரியல. பால் ஊத்தலாமா?

பதில்: பால் வேண்டாம் அக்கா. குயில் குஞ்சும் கருப்பாகத்தான் இருக்கும், ஆரம்பத்தில் காக்கை மாதிரியே கத்தும், அதனால் குழம்புவது இயல்பு. பறக்கிற வயதை எட்டியிருந்தால் பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். காக்கை தேடி வந்து ஊட்டும். வைக்கும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், கொத்தும்.

கேள்வி (தக்கலை): கடைசியா ஒண்ணு. பெத்த குயில் திரும்பிப் பார்க்கவே பார்க்காதா?

பதில்: பெட்டைக் குயில் காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சுக்கு ஊட்டியதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தன் குஞ்சுக்குத்தான் ஊட்டியதா என்பதில் இன்னும் பேச்சு இருக்கிறது, ஏனென்றால் ஒரே கூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குயில்கள் இடுவதும் உண்டு. சித்திரை வைகாசியில் உங்கள் தெருவில் காக்கைக் கூடு இருந்தால் எட்டி நின்று பாருங்கள். பெட்டையைக் கண்டால் அதன் வாயில் பழம் இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.